திரும்பி வந்த தோசைக்கல்: தர்மபுரி பாத்திரக் கடையின் முதல் ஆன்லைன் விற்பனை, கேள்வியும் பதிலும்

தர்மபுரி கடைவீதியில் ஒரு பாத்திரக் கடை. கடைக்காரரின் அண்ணன் மகன் படிப்பை முடித்துவிட்டு சித்தப்பாவுக்குத் துணையாகக் கடைக்கு வந்தவன். அவன் வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை முதன்முதலாக ஆன்லைனில் ஏற்றிய கதை இது. அந்தக் கடைக்குக் கணக்கு எழுதுவது நான். வந்த ஆர்டர், திரும்பிய பெட்டி, பிடித்த பணம் எல்லாம் என் கையால் பதிந்தவை. கடைவீதியில் மற்றவர்கள் இதைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்பதை அப்படியே கேள்விகளாக வைத்திருக்கிறேன்.

போயும் போயும் தோசைக்கல்லையா ஆன்லைன்ல போடுவாங்க? துணிமணி போட்டிருக்கலாமே?

துணி வேண்டாம் என்றது சித்தப்பாதான். "சட்டைன்னா சைஸ் பத்தலைன்னு திருப்புவான், கலர் பிடிக்கலைன்னு திருப்புவான். கல்லு கெட்டும் போகாது, பழசும் ஆகாது. அதைப் போடு" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் கடையில் ஒரு தோசைக்கல் எப்படி விற்கிறது என்று கவனித்தால் வேறு ஒன்று புரியும். பென்னாகரத்திலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ வரும் அம்மா முதலில் கல்லைத் தூக்கிப் பார்ப்பார். கனம் கைக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு காதைப் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் ஒரு தட்டு. நல்ல கல் கணீரென்று ஒலித்துக் கொஞ்ச நேரம் இழுக்கும். மயிரிழை விரிசல் இருந்தாலும் சத்தம் செத்துப்போகும். உள்ளங்கையை விரித்து வைத்து அளவு பார்ப்பார். "புதுசா? பழக்கினதா?" என்று கேட்பார். "ரெண்டு நாள் எண்ணெய் தடவிச் சூடு காட்டி, வெங்காயம் தேய்ச்சு எடும்மா" என்று சித்தப்பா சொல்வார். இவ்வளவும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் கடையில் கல் திரும்பி வராததற்குக் காரணம் அந்த இரண்டு நிமிடம்தான். கல் கெட்டுப்போகாத பொருள் என்பது அதற்குப் பிறகுதான்.

ஆன்லைனில் ஏறியது கல் மட்டும். அந்த இரண்டு நிமிடம் ஏறவில்லை.

முதல்ல லிஸ்டிங்ல என்னதான் எழுதியிருந்தான்?

தலைப்பில் "இரும்பு தோசைக்கல், 10 இஞ்ச்" என்று போட்டான். வெள்ளைத் துணி விரித்து, மேலிருந்து எடுத்த நான்கு படங்கள். விவரத்தில் "உயர்ந்த தரம், நீண்ட நாள் உழைக்கும், ஒட்டாது" என்று நாலு வரி. அந்த வரிகள் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த வேறொருவர் பக்கத்தைப் பார்த்து எழுதியவை. விலை 799 ரூபாய்.

கட்டாயமாகக் கேட்கும் விவரங்களை ஒழுங்காகத்தான் நிரப்பினான். தயாரிப்பாளர் பெயர் முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற விவரங்கள் பக்கத்தில் தெரிய வேண்டும். ஜிஎஸ்டி எண் கடைக்கு ஏற்கெனவே இருந்ததால் வெளிமாநிலத்துக்கு அனுப்புவதில் சிக்கல் வரவில்லை. பதிவு இல்லாத சிறு வியாபாரிகள் 2023 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் விற்பனைத் தளங்களின் வழியாகச் சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம். அதற்குப் பதிவு எண்ணுக்குப் பதிலாக ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். ஓசூரைத் தாண்டி பெங்களூருக்கு ஒரு கல் அனுப்புவதென்றால் முழுப் பதிவு வேண்டும்.

ஆக, சட்டம் கேட்டது எல்லாம் பக்கத்தில் இருந்தது. வாங்குகிற அம்மா கேட்கக்கூடியது ஒன்றும் இல்லை. 10 இஞ்ச் என்பது விளிம்போடா, உள்ளேயா? கனம் எவ்வளவு? வார்ப்பா, தகடா? பழக்கியதா, பழக்க வேண்டியதா? இந்த நான்கில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை.

ரிட்டர்ன்னா ரிட்டர்ன்தானே, அதுல என்ன ரெண்டு வகை?

வாங்கியவர் கைக்குப் போகாமலே திரும்புவது ஒன்று. கதவு பூட்டியிருந்தது, முகவரி சரியில்லை, பணம் கொடுத்து வாங்க மனமில்லை என்று கூரியர்க்காரர் திருப்பி எடுத்து வருவது. இதைக் கூரியர் ரிட்டர்ன் என்பார்கள். பெட்டி பிரிக்கப்படாமல் வர வேண்டும்.

வாங்கியவர் பிரித்துப் பார்த்து, ஏதோ காரணம் சொல்லித் திருப்புவது இன்னொன்று. அது கஸ்டமர் ரிட்டர்ன்.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டிய காரணம் பணம். இவன் விற்ற தளத்தில் கூரியர் ரிட்டர்னுக்கு அனுப்பும் கூலி பிடிப்பதில்லை. கஸ்டமர் ரிட்டர்னுக்குப் போன கூலி, வந்த கூலி இரண்டையும் கடைக்காரர் தலையில் வைப்பார்கள். எல்லாத் தளத்திலும் இதே ஏற்பாடு கிடையாது. கூரியர் ரிட்டர்னுக்கும் பிடிக்கிற இடங்கள் உண்டு. பொருளை ஏற்றுமுன் கட்டணப் பட்டியலில் இந்த இரண்டு வரியைத் தேடிப் படிக்க வேண்டும். கமிஷன் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் அடி வாங்குகிறார்கள்.

ஒரு கல்லு திரும்பி வந்தா நிஜமா எவ்வளவு நட்டம்? கூலி மட்டும்தானே?

முதல் மாதம் முடிந்ததும் சித்தப்பா இதே கேள்வியைத்தான் கேட்டார். பையன் செல்போனை நீட்டி, "இருபது ஆர்டர் சித்தப்பா. நம்ம கடையில ஒரு மாசத்துல இத்தனை கல்லு போகுமா?" என்றான்.

"ஆர்டரை விடுடா. கைக்கு என்ன வந்துச்சு?"

கடைத் தாளில் கணக்குப் போட்டோம். 799-இல் 5 சதவீத ஜிஎஸ்டி 38 போக 761. கல்லின் கொள்முதல் 420. தளத்தின் கமிஷனும் நிலைக் கட்டணமும் சேர்த்து 80. அனுப்பும் கூலி 120. பெட்டி, அட்டை, டேப் 35. மீதி 106 ரூபாய். ஒரு கல் போய்ச் சேர்ந்து, அங்கேயே நின்றுவிட்டால் கிடைக்கும் லாபம் இது.

அதே கல் சேதமில்லாமல் திரும்பினால்? கமிஷனைத் திருப்பிவிடுகிறார்கள். போன கூலி 120 போனதுதான். வந்த கூலி 150. பெட்டிச் செலவு 35. ஆக 305 ரூபாய் கையை விட்டுப் போகிறது. மூன்று கல் விற்ற லாபம் கிட்டத்தட்ட அதிலேயே தீர்ந்துவிடும். உடைந்து வந்தால் கல்லின் 420-ம் சேர்ந்து 725. ஏழு கல் விற்றால்தான் அதை ஈடுகட்ட முடியும்.

இருபதில் மூன்று கூரியர் ரிட்டர்ன், நான்கு கஸ்டமர் ரிட்டர்ன். நின்றது பதின்மூன்று. லாபம் 1,378. நான்கில் இரண்டு கல் முழுசாக வந்தன, அதற்கு 610. ஒன்று உடைந்தது, ஒன்று பெட்டிக்குள் வேறு கல்லாக வந்தது, அவற்றுக்கு 1,450. கூரியர் ரிட்டர்ன் மூன்றுக்கும் பெட்டிச் செலவு 105. மொத்தம் போனது 2,165. மாத முடிவில் 787 ரூபாய் நட்டம்.

சித்தப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "பதிமூணு கல்லு வித்து நட்டமா?" என்று மட்டும் கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் திரும்பி வந்த நான்கு பெட்டிகளையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஆர்டர் போனதும் அதை வருமானமாக எழுதக் கூடாது. திருப்பும் கெடு முடிந்த பிறகுதான் அது உறுதியான விற்பனை. முன்னமே பணம் வந்துவிட்டாலும், பின்னால் திரும்பும் கல்லுக்கு அடுத்த பட்டுவாடாவில் பிடித்துக்கொள்வார்கள். இவனுக்கு ஒரு வாரம் வங்கியில் எதுவுமே வராததற்கு அதுதான் காரணம்.

அந்த நாலு கல்லும் என்ன காரணத்துக்காகத் திரும்பி வந்துச்சு?

முதல் பெட்டியில் "அளவு சின்னது" என்று காரணம். கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கல்லில் ஒரு குறையும் இல்லை. பையன் ஸ்கேல் வைத்து அளந்தான், சரியாக 10 இஞ்ச். "நாம சரியாத்தானே போட்டிருக்கோம்?" என்றான். சித்தப்பா ஸ்கேலை வாங்கி உள்பக்கம் வைத்தார். விளிம்பின் மேட்டைக் கழித்தால் மாவு ஊற்றும் தட்டையான இடம் எட்டரை இஞ்ச்தான். வாங்கிய அம்மா 10 இஞ்ச் தோசை வரும் என்று நினைத்திருக்கிறார். கடையில் கை வைத்துப் பார்த்திருந்தால் அடுத்த அளவைக் கேட்டு வாங்கிப் போயிருப்பார். மேலிருந்து எடுத்த படத்தில், பக்கத்தில் வேறு பொருள் எதுவும் இல்லாமல், எட்டு இஞ்ச் கல்லும் பன்னிரண்டு இஞ்ச் கல்லும் ஒன்றாகவே தெரியும்.

இரண்டாவது, "துருப்பிடித்த பழைய பொருள்". இதற்குத் தனிக் கேள்வியே வருகிறது என்பதால் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது உடைந்த கல். காது முறிந்து, அந்த இடத்திலிருந்து உள்ளே வரை ஒரு பிளவு. வார்ப்பிரும்பைப் பற்றித் தெரியாதவர்கள், இவ்வளவு கனமான இரும்பு எப்படி உடையும் என்பார்கள். தகட்டு இரும்பு அடிபட்டால் வளையும். வார்ப்பிரும்பில் கரி அதிகம், அது வளையாது, அடி பலமாக விழுந்தால் விண்டுபோகும். அதுவும் தட்டையாக விழுந்தால் தப்பிக்கும் கல், விளிம்போ காதோ முதலில் தரையில் பட்டால் தப்பாது. பெட்டியின் மூலையைப் பார்த்தோம். நசுங்கி உள்ளே போயிருந்தது. காது அந்த மூலையை ஒட்டித்தான் இருந்திருக்கிறது.

நான்காவது பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது நம் கல்லே இல்லை. அடி கருகிய, மெல்லிய தகட்டுக் கல். எடை பாதிகூட இல்லை. பையன் முகம் வாடிவிட்டது. "இப்படியுமா சித்தப்பா செய்வாங்க?" "செய்வாங்கடா. நூத்துல ஒருத்தர். மத்தவங்களை அவங்களா நினைச்சுடாதே" என்றார் அவர். அந்த வார்த்தையை நான் மதிக்கிறேன். ஏனென்றால் ஒரு தடவை இப்படி ஏமாந்தவர்கள் பிறகு நியாயமாகத் திருப்புகிற ஒவ்வொருவரையும் திருடராகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான்கில் இது ஒன்றுதான் ஏமாற்று. மற்ற மூன்றும் நம் பக்கத்திலும் நம் பெட்டியிலும் இருந்த குறை.

துருவோட வந்த கல்லை அவங்க உபயோகிச்சுட்டு அனுப்பினாங்களா, வழியிலயே துருப்பிடிச்சதான்னு எப்படித் தெரியும்?

பார்த்தாலே தெரியும், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால்.

வழியில் பிடிக்கும் துரு பொடிப்பொடியாக, செம்மண் நிறத்தில், மேலோடு இருக்கும். எண்ணெய் எங்கே துடைபட்டதோ அங்கே மட்டும் வரும். பெரும்பாலும் விளிம்பு, காது, அட்டை உரசிய இடம். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கையோடு வந்துவிடும்.

அடுப்பில் ஏறிய கல்லுக்கு அடிப்பக்கம் சாட்சி சொல்லும். தீ பட்ட வட்டம் நிறம் மாறியிருக்கும். மேல்பக்கம் நடுவில் எண்ணெய் காய்ந்து பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும். நகத்தால் விளிம்பின் உள்மடிப்பைச் சுரண்டினால் காய்ந்த மாவு வரும். சோப்புப் போட்டுக் கழுவி ஈரத்தோடு வைத்திருந்தால் துரு நடுவில், தண்ணீர் தேங்கிய வடிவத்தில் வட்டமாக இருக்கும்.

இவனுக்கு வந்த கல்லில் துரு விளிம்பிலும் காதிலும்தான் இருந்தது. அடி சுத்தம். அதாவது அந்த வாடிக்கையாளர் சொன்னது உண்மை. நடந்தது இதுதான்: எண்ணெய் தடவிய கல்லைச் செய்தித்தாளில் சுற்றியிருந்தான். செய்தித்தாள் எண்ணெயைக் குடித்துவிட்டு ஈரத்தையும் பிடித்துவைக்கும். மழைக்காலத்தில் ஒரு வாரம் கூரியர் கிடங்குகளில் கிடந்தால் வெறும் இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் கல்லுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி போடுவார்கள். பெட்டிக்குள் அதைச் செய்ய ஆளில்லை.

இப்போது எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கல்லை அடுப்பில் வைத்துப் புகை வரும் வரை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவி அனுப்புகிறான். சூட்டில் எண்ணெய் இரும்போடு படலமாக ஒட்டிக்கொள்கிறது, துடைத்தாலும் போவதில்லை. அதன்மேல் முதலில் பிளாஸ்டிக் உறை, அதற்கு வெளியேதான் அட்டை.

உடையாம அனுப்ப பெரிய பெட்டியா வாங்கி, நிறைய பேப்பர் அடைச்சுட்டா போதாதா?

அவனும் அதைத்தான் செய்தான். மிக்ஸி வந்த பெட்டி ஒன்று, 36 செ.மீ. நீளம், 36 அகலம், 20 உயரம். சுற்றிலும் கசக்கிய பேப்பர். கல் உடையவில்லை. ஆனால் தளத்திலிருந்து கூலியை ஏற்றிப் பிடித்தார்கள். கல்லும் பெட்டியும் சேர்ந்து இரண்டரைக் கிலோதான் இருக்கும், ஐந்து கிலோவுக்கு மேல் கணக்குப் போட்டிருந்தார்கள்.

கூரியரில் எடை இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். தராசு காட்டும் எடை ஒன்று. பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கான எடை இன்னொன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 36 × 36 × 20 என்றால் 25,920. வகுத்தால் 5.18 கிலோ. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி.

அதோடு கசக்கிய பேப்பர் இலகுவான பொருளுக்குச் சரி. இரண்டு கிலோ கல் குலுங்கக் குலுங்கப் பேப்பரை நசுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். இறங்கிய பிறகு பெட்டிச் சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது.

கடைசியில் நின்றது 36 × 32 × 9 அளவுள்ள ஐந்தடுக்கு அட்டைப் பெட்டி. இடத்தின் எடை 2.07 கிலோ, தராசு எடை இரண்டரை. எனவே தராசு எடைக்கே கூலி. கல்லுக்கு மேலும் கீழும் பெட்டியின் அளவுக்கே வெட்டிய அட்டை. நடுவில் ஒரு அட்டையில் கல்லின் உருவத்தை வரைந்து, காதோடு சேர்த்து வெட்டியெடுத்து, அந்தக் குழிக்குள் கல்லை உட்கார வைக்கிறான். காது நுனிக்கும் பெட்டிக்கும் நடுவில் அட்டைத் துண்டை மூன்று நான்காக மடித்துச் செருகுகிறான். மூடியபின் காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தமே வரக் கூடாது. லேசாக "டக்" என்றாலும் பிரித்து மறுபடி அடைக்க வேண்டும். பெட்டிச் செலவு 35-லிருந்து 48 ஆனது. ஒரு கல் உடைந்தால் போகும் 725-ஐ நினைத்தால் அந்த 13 ரூபாயைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

அடைப்பதற்கு முன் சித்தப்பாவின் வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு கல்லையும் தூக்கித் தட்டிப் பார்ப்பார். சத்தம் சரியில்லாத கல் பெட்டிக்குள் போகாது.

வேற கல்லை வெச்சு அனுப்பினாங்களே, அந்தப் பணம் கிடைச்சுதா?

கிடைத்தது, முழுதாக இல்லை. 500 ரூபாய் வந்தது. வந்ததற்குக் காரணம் வீடியோ. திரும்பி வரும் பெட்டிகளை வீடியோ எடுத்தபடி பிரிக்க வேண்டும் என்று தளத்தின் விதியில் படித்திருந்தான்.

எப்படி எடுப்பது என்பதில்தான் நிறையப் பேருக்குப் புகார் தள்ளுபடி ஆகிறது. பெட்டி மூடியிருக்கும்போதே தொடங்க வேண்டும். கூரியர் எண் படிக்கிற அளவுக்கு லேபிளைக் கிட்டத்தில் காட்ட வேண்டும். ஆறு பக்கமும் திருப்பிக் காட்டி, டேப் நம்முடையதா, மறுபடி ஒட்டியதா என்பது தெரிய வேண்டும். பிறகு வெட்டி, உள்ளே இருப்பதை எடுத்து, தராசில் வைத்து எடை காட்டி, லேபிளோடு சேர்த்து ஒருமுறை காட்டி முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினாலோ, கை மறைத்தாலோ, பெட்டி வீடியோவில் தெரியாமல் போனாலோ ஏற்க மாட்டார்கள். புகார் கொடுக்கும் கெடு பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும், அது மிகக் குறைவு. வந்த பெட்டியை மூலையில் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றால் கெடு போய்விடும்.

கையெழுத்தோ ஓடிபியோ கொடுக்கும் முன்பே எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொள்ளவும் வேண்டும். கூரியர்க்காரர் அவசரப்படுத்துவார். அவர்மேல் தப்பில்லை, அன்றைக்கு அவர் இன்னும் காரிமங்கலம் வரை போக வேண்டியிருக்கும். ஆனாலும் எண்ணாமல் ஓடிபி கொடுத்தால், வராத பெட்டியும் வந்ததாகவே பதிவாகும்.

இப்போது ஒவ்வொரு கல்லின் காதுக்கு அடியிலும் ஒரு சின்ன உளிக்குறி வைத்து, படம் எடுத்த பிறகே அனுப்புகிறான். உடைந்த கல்லுக்கும் வீடியோவோடு புகார் கொடுத்தான். பெட்டி பலமில்லை என்று நிராகரித்தார்கள். அந்தப் பெட்டியை நானும் பார்த்தேன், அவர்கள் சொன்னது சரிதான்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு கடையில போர்டு இருக்கே. அதையே ஆன்லைன்லயும் போட்டுட்டா?

முடியாது. குறையுள்ள பொருளுக்கு, கடையிலேயே அந்தப் போர்டு செல்லாது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. பில்லில் போட்ட கெடுவுக்குள், பில்லில் கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆன்லைன் விற்பனைக்கு 2020-இல் தனி விதிகள் வந்தன. பொருள் குறையுள்ளது, போலியானது, பக்கத்தில் சொன்ன தன்மை இல்லாதது, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தது என்றால் விற்பவர் மறுக்கக் கூடாது. எட்டரை இஞ்ச் தட்டை உள்ள கல்லை வெறுமனே 10 இஞ்ச் என்று போட்டால், "சொன்ன தன்மை இல்லை" என்று வாங்குபவர் வாதாட இடமிருக்கிறது.

சித்தப்பா இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்கப்பா காலத்துப் போர்டு அது" என்றார். மறுநாள் போர்டு இல்லை. "உடைசல், விரிசல் இருந்தால் 30 நாளுக்குள் மாற்றித் தரப்படும்" என்று அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்.

கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்திட்டா கூரியர் ரிட்டர்ன் குறையும்தானே?

குறையும். ஆர்டரும் குறையும். இவன் தளத்தில் கூரியர் ரிட்டர்னுக்குக் கூலி இல்லாததால் நிறுத்தாமல் விட்டோம். ஒரு கல்லுக்குப் பெட்டிச் செலவும், அது வீடு திரும்பும் வரை சரக்கு வழியில் முடங்குவதும்தான் நட்டம். அந்தக் கூலியைப் பிடிக்கும் தளமாக இருந்தால் என் யோசனை வேறாக இருந்திருக்கும்.

திரும்பி வந்த கல்லுக்கும் ஜிஎஸ்டி கட்டணுமா?

வேண்டாம், ஆனால் கணக்கில் காட்டினால்தான். விற்றபோது போட்ட பில்லுக்கு எதிராக, அந்தத் தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட் ஒன்று போட வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாத வீட்டு வாடிக்கையாளர்களுக்கு விற்றதை, விற்பனை விவரம் தாக்கல் செய்யும் GSTR-1-இல் பொதுவாக மாநிலவாரியாகத் தொகுத்துக் காட்டுகிறோம். திரும்பியதைக் கழித்த நிகரத் தொகையை அங்கே போடலாம். மார்ச்சில் விற்று ஏப்ரலில் திரும்பினால், திரும்பிய மாதத்தில் கழிக்க வேண்டும். ஒரு நிதியாண்டின் விற்பனைக்கான கிரெடிட் நோட்டைக் காட்ட, அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை அவகாசம். அந்த ஆண்டுக்கான ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அதோடு கெடு முடிந்தது.

தளமும் நம் பணத்தில் ஜிஎஸ்டிக்காக 0.5 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டும். 2024 ஜூலை 10-க்கு முன் இது 1 சதவீதமாக இருந்தது. இதையும் திரும்பியதைக் கழித்த தொகைக்குத்தான் பிடிக்க வேண்டும். அவர்கள் காட்டும் நிகரத் தொகையும் நம் புத்தகத்தில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று மாதாமாதம் பார்க்கிறேன். பெரும்பாலும் வித்தியாசம் வருவது மாதக் கடைசியில் திரும்பிய கல்லால்தான். அது அடுத்த மாதம் நேராகிவிடும். ஆகாவிட்டால் ஏதோ ஒரு பெட்டி கணக்கில் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இப்ப லிஸ்டிங் எப்படி இருக்கு? ரிட்டர்ன் நின்னுடுச்சா?

நிற்கவில்லை. நிற்கவும் செய்யாது. ஆனால் "அளவு சின்னது" என்ற காரணம் அநேகமாக மறைந்துவிட்டது.

தலைப்பில் "வார்ப்பிரும்புத் தோசைக்கல், வெளி அளவு 10 இஞ்ச், தோசை அளவு எட்டரை இஞ்ச்" என்று இருக்கிறது. முதல் படத்தில் கல்லின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேல். இரண்டாவது படத்தில் கல் வீட்டுக் கேஸ் அடுப்பின் மேல். மூன்றாவது, தராசில் 2.1 கிலோ காட்டும் படம். கனமான கல், ஒரு கையால் தூக்குவது சிரமம் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறான். கீழே போட்டால் உடையும், சோப்பில் ஊறவைத்தால் துருப்பிடிக்கும், முதல் இரண்டு தோசை ஒட்டலாம் என்றும் இருக்கிறது.

இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள் என்று சித்தப்பா முதலில் தயங்கினார். ஆர்டர் கொஞ்சம் குறைந்தது உண்மை. இருபது வந்த இடத்தில் பதினாறு வந்தது. அதில் கஸ்டமர் ரிட்டர்ன் ஒன்று, கூரியர் ரிட்டர்ன் இரண்டு. பெட்டிச் செலவு ஏறியதால் ஒரு கல்லுக்கு லாபம் 93. நின்ற பதின்மூன்று கல்லுக்கு 1,209. முழுசாகத் திரும்பிய ஒன்றுக்கு 318, கூரியர் ரிட்டர்ன் பெட்டிகளுக்கு 96. கைக்கு நின்றது 795 ரூபாய். போன மாதமும் நின்றது அதே பதின்மூன்று கல்தான்.

12 இஞ்ச் கல்லை ஏற்றலாமா என்று பையன் கேட்டான். பெட்டி அளவை வரைந்து, எடையைப் போட்டுப் பார்த்தோம். கூலி அடுத்த படிக்குப் போகிறது, ஒன்று திரும்பினால் நட்டம் 400-ஐத் தாண்டுகிறது. அதைக் கடையிலேயே விற்பது என்று முடிவானது. அதற்குப் பதிலாக களி கிளறும் மரத் துடுப்பை ஏற்றியிருக்கிறான். உடையாது, துருப்பிடிக்காது, எடையும் இல்லை. நீளத்தைக் காட்ட ஸ்கேலோடு படம் எடுத்துவிட்டான், ஆனால் துடுப்பு பெட்டிக்குள் நேராகப் போகவில்லை. நீளமான பெட்டி எங்கே கிடைக்கும் என்று இப்போது சேலத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.